கதவைத் திறந்து வைப்பது கடைசி வேலை

குற்றாலத்தில் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூர் போகிறவர்களில் சிலர் புறப்படுவதற்கு முன்பே எங்கள் கடைக்குச் சொல்லி அனுப்புவார்கள். மற்றவர்கள் திரும்பி வந்து ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்த பிறகு கூப்பிடுவார்கள். முன்னவர்களுக்கு ஃப்ரிட்ஜைத் தயார் செய்து கொடுக்கிறோம். பின்னவர்களுக்குப் பூசணத்தைக் கழுவிக் கொடுக்கிறோம். இதில் இரண்டாவது வேலைக்கு நேரம் அதிகம், பலன் குறைவு. தென்காசியில் ஃப்ரிட்ஜ் மெக்கானிக் ஒருவரிடம் வேலை பழகுகிறவன் நான். அண்ணாச்சி என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். கேஸ் ஏற்றவும் கம்ப்ரசர் மாற்றவும் சொல்லிக் கொடுத்த அதே அக்கறையோடு, ஓடாமல் நிற்கப்போகிற ஃப்ரிட்ஜை எப்படித் தயார் செய்வது என்பதையும் அவர் சொல்லிக் கொடுத்தார்.

இந்த வேலை ஒழுங்கு முழுவதும் 2020-இல் அவருக்குக் கிடைத்த பாடம். ஊரடங்கு வந்ததும் அருவிகளில் குளிக்கத் தடை போட்டார்கள். விடுதிகளும் வாடகை வீடுகளும் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. திறந்தபோது அண்ணாச்சிக்கு வரிசையாக அழைப்பு வந்தது. மின்சாரத்தை மட்டும் அணைத்துக் கதவைச் சாத்திவிட்டுப் போன ஃப்ரிட்ஜ்களில் உட்சுவர் முழுக்கக் கறுப்பும் பச்சையுமாகப் புள்ளிகள். சாமான் எதுவும் உள்ளே இல்லாதவையும் அப்படித்தான் இருந்தன. மின்சாரத்தை அணைத்துக் கதவையும் திறந்து வைத்துவிட்டுப் போனவர்கள் சிலர் வீட்டிலும் கதவு ரப்பரான கேஸ்கட்டின் மடிப்புக்குள் பூசணம் இருந்தது. கதவைத் திறந்து வைப்பது மட்டும் போதாது என்று அவர் உறுதியாகத் தெரிந்துகொண்டது அப்போதுதான்.

எங்கள் ஊரில் இது ஏன் இவ்வளவு கடுமையாக வருகிறது என்பதற்குக் காரணம் மலைதான். மேற்குத் தொடர்ச்சி மலையில் செங்கோட்டை, ஆரியங்காவு பக்கம் ஒரு கணவாய் இருக்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவக்காற்று அதன் வழியே சாரலைக் கொண்டுவருகிறது. குற்றாலத்துக்குக் கூட்டம் வருவது இந்தச் சாரலுக்காக. வீட்டுக்குள் துணி காயாததும், உப்பு நீர்த்துப்போவதும், செருப்பில் பூசணம் பூப்பதும் இதே சாரலால்தான். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை வருகிறது. மே மாதம் பூட்டி நவம்பரில் திறக்கிற வீடு இரண்டு மழைக்காலத்தையும் மூடிய கதவுக்குள் கழிக்கிறது.

சாத்திய ஃப்ரிட்ஜுக்குள் எவ்வளவு தண்ணீர் இருந்தால் ஆபத்து என்று அண்ணாச்சி ஒரு கணக்குச் சொல்வார். முப்பது டிகிரிச் சூட்டில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத் தாங்கும். அதற்கு மேல் தாங்காது. 250 லிட்டர் ஃப்ரிட்ஜ் என்றால் அது கால் கன மீட்டர். ஆக, ஏழெட்டு கிராம் தண்ணீர், அதாவது ஒன்றரைத் தேக்கரண்டி, உள்ளே இருக்கிற காற்றை முழுக்க நனைத்துவிடும். கதவைச் சாத்தும்போதே அறைக் காற்று முக்கால்வாசி ஈரத்தோடு உள்ளே போயிருந்தால் அரைத் தேக்கரண்டிகூட வேண்டியதில்லை. காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூசணம் முளைக்க அது போதும். உணவுக்கு, கை பட்ட எண்ணெய்ப் பிசுக்கும் சிந்திய பாலின் காய்ந்த கறையும் போதும். கேஸ்கட்டின் காந்தப் பட்டை காற்றுப் புகாமல் சாத்துவதற்காகவே செய்யப்பட்டது. ஓடும்போது நமக்கு நன்மை செய்கிற அந்த இறுக்கம்தான் ஓடாதபோது ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கிறது.

வேலை எப்படி நடக்கிறது என்பதை ஒரு வீட்டை வைத்தே சொல்கிறேன். குற்றாலம் போகிற சாலையில், மகள் பேறுகாலத்துக்காக ஆறு மாதம் அமெரிக்கா போகிற ஒரு ஆச்சியும் தாத்தாவும். அடுக்களையில் டபுள் டோர் ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜ். மாடியில், சீசனுக்கு வருகிற சொந்தக்காரர்களுக்காகப் பழைய சிங்கிள் டோர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பொதிகை எக்ஸ்பிரஸில் சென்னைக்குக் கிளம்புகிறார்கள்.

அண்ணாச்சி தேதியைக் கேட்டதும் பின்னாலிருந்து எண்ண ஆரம்பித்தார். வெள்ளி மத்தியானம் கதவுக்கு முட்டு. அதற்கு முன் ஒரு முழு நாள் காய்ச்சல். அதற்கு முன் கழுவல். அதற்கும் முன் ஐஸ் உருக ஒரு பகலும் இரவும். அப்படியானால் புதன்கிழமை காலையிலேயே பிளக்கைப் பிடுங்க வேண்டும்.

ஆச்சி திகைத்துப்போனார். "கதவத் தொறந்து போட்டுட்டுப் போனாப் பத்தாதாய்யா? வெள்ளிக்கிழம கெளம்பும்போது அணைச்சாப் போதும்னுல்லா நெனச்சேன்."

"பத்தாதும்மா. அன்னைக்கு அணைச்சா, நீங்க ரயில்ல போய்க்கிட்டு இருக்கும்போது இங்க ஐஸ் உருகும். உருகுன தண்ணிய யாரு தொடைக்க?"

புதன்கிழமைக்குள் காலி செய்ய வேண்டும் என்பதால் அதற்கு முந்தின வாரமே புதிதாக எதுவும் வாங்காமல் இருப்பதை உண்டு தீர்க்கச் சொன்னார். மாவு, அரைத்த மசால், தேங்காய்ச் சில், பாதி திறந்த ஊறுகாய் எல்லாம் தீர வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்குப் போக வேண்டும். கடைசி மூன்று நாள் பாலை அன்றன்றைக்கு அரை லிட்டர் வாங்கிக் காய்ச்சிக்கொள்ளலாம். தாத்தாவின் இன்சுலின் மட்டும் தனிக் கவலை. பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அது பயண நேரம் வரை பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜில் இருக்க ஏற்பாடு ஆயிற்று. அதைக் கேட்டு முடித்த பிறகுதான் அண்ணாச்சி பிளக்கில் கை வைத்தார். வெறும் சுவிட்சை அணைப்பதோடு விடமாட்டார். பிளக்கையே உருவி, ஸ்டெபிலைசரையும் பிரித்து வைப்பார். ஐப்பசி, கார்த்திகை இடிமின்னலில் மின்கம்பியில் வருகிற வீச்சு, அணைத்த சுவிட்சைத் தாண்டியும் உள்ளே பாயலாம்.

ஐஸ் உருக்குவதில் இரண்டு ஃப்ரிட்ஜுக்கும் வழி வேறு. மாடியில் இருந்த சிங்கிள் டோரில் ஐஸ் கண்ணுக்கு முன்னால் இருந்தது. ஃப்ரீசர் பெட்டியின் சுவரே அதில் குளிர்விக்கிற பாகம். அலுமினியத் தகட்டுக்குள் கேஸ் ஓடுகிற பாதை இருக்கிறது. கத்தியாலோ கரண்டிக் காம்பாலோ ஐஸைக் குத்திப் பெயர்த்தால் தகடு ஓட்டையாகும். அப்புறம் ஃப்ரீசர் பெட்டியையே மாற்ற வேண்டி வரும். இப்போது வருகிற பெரும்பாலான வீட்டு ஃப்ரிட்ஜ்களில் ஐசோபியூட்டேன் கேஸ் இருக்கிறது. பின்பக்கத் தகட்டில் R600a என்று எழுதியிருக்கும். அளவு கொஞ்சம்தான் என்றாலும் அது எரியக்கூடிய வாயு. அதனால் மெழுகுவர்த்தியோ சூடேற்றும் கருவியோ உள்ளே வைத்து ஐஸை உருக்கக் கூடாது. கதவைத் திறந்து, எதிரே டேபிள் ஃபேனை ஓடவிட்டால் போதும். அவசரமானால் மடித்த துணிமேல் ஒரு பாத்திரத்தில் வெந்நீர் வைக்கலாம். ஐஸ் தானாகவே விட்டுக்கொடுத்துக் கட்டியாகக் கழன்று விழும்போது கையால் எடுத்தால் சரி. உருகும் நீரைத் தாங்க ஃப்ரீசருக்குக் கீழே இருக்கிற தட்டு சீக்கிரம் நிறைந்துவிடும். அதை அடிக்கடி கொட்டுவது என் பொறுப்பு.

அடுக்களையில் இருந்த ஃப்ராஸ்ட் ஃப்ரீயில் ஐஸே தெரியவில்லை. ஃப்ரீசரைத் தொட்டுப் பார்த்தால் காய்ந்துதான் இருக்கிறது. பெயரை நம்பி அதில் ஐஸ் கிடையாது என்று எண்ணுகிறவர்கள் நிறைய. ஆனால் ஃப்ரீசரின் பின்பக்க பிளாஸ்டிக் பலகைக்குப் பின்னால் குளிர்விக்கும் காயில் இருக்கிறது. அதன் மெல்லிய தகடுகளுக்கு இடையில் எப்போதும் உறைபனி உண்டு. ஓடும்போது ஒரு ஹீட்டர் அவ்வப்போது அதை உருக்கும். அந்தத் தண்ணீர் குழாய் வழியே இறங்கி, பின்னால் கம்ப்ரசருக்கு மேலே இருக்கிற தட்டில் விழும். கம்ப்ரசர் சூட்டில் அது ஆவியாகிவிடும். பிளக்கைப் பிடுங்கியதும் கடைசியாக உருகுகிற நீரும் அதே தட்டுக்குத்தான் வரும். ஆனால் அதை ஆவியாக்க இப்போது கம்ப்ரசரில் சூடு கிடையாது. அது நின்றால் கொசு முட்டையிடும், நாற்றம் பிடிக்கும், அடியில் பூசணம் கட்டும்.

"கண்ணுக்குத் தெரியுத தண்ணிய வீட்டுக்காரங்களே தொடச்சிருவாங்க," என்றார் அண்ணாச்சி. "தெரியாத எடத்துல கெடக்குத தண்ணிதாம்ல நம்ம வேல."

வியாழன் காலை கழுவினோம். தட்டு, காய்கறிப் பெட்டி, பாட்டில் ராக் எல்லாவற்றையும் வெளியே எடுத்தோம். கண்ணாடித் தட்டுகள் வீட்டுச் சூட்டுக்கு வரும்வரை அவற்றில் வெந்நீர் படவிடவில்லை, விரிசல் விடும். உள்ளே துடைக்க, ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி ஆப்பசோடா. வாசனை சோப்பு வேண்டாம் என்பார். மூடிய இடத்தில் அந்த வாசனையே மாதக்கணக்கில் பிளாஸ்டிக்கில் தங்கிவிடும். அந்துருண்டையை அவர் கிட்டேயே சேர்ப்பதில்லை. அதன் நெடி ஏறிய ஃப்ரிட்ஜில் அப்புறம் வைக்கிற தயிரில்கூட அது தெரியும்.

அதிக நேரம் எடுத்தது கேஸ்கட். கதவைச் சுற்றி ஓடுகிற அந்த ரப்பர் பட்டை உள்ளே விசிறி மடிப்புப் போல மடிந்திருக்கும். விரலால் பிரித்துப் பார்த்தால் அந்த மடிப்புக்குள் மாவும் மசாலும் கலந்த கறுப்புக் கோடு தெரியும். பழைய பல் தேய்க்கும் பிரஷைச் சோடாத் தண்ணீரில் தோய்த்து மேலிருந்து கீழாக நான்கு பக்கமும் தேய்த்தேன். கீழ்ப்பக்கத்து மடிப்பில்தான் அழுக்கு அதிகம், சிந்தியதெல்லாம் அங்கேதான் இறங்கும். ஏற்கெனவே பூசணம் பிடித்திருந்தால் வினிகரில் நனைத்த துணியை அதன்மேல் சிறிது நேரம் வைத்துவிட்டுத் தேய்க்கலாம். ஆனால் வினிகரையும் பிளீச்சிங் கரைசலையும் ஒருபோதும் சேர்க்கக் கூடாது, நச்சுவாயு கிளம்பும்.

வடிகால் ஓட்டையை அடுத்துப் பார்த்தோம். சிங்கிள் டோரில் ஃப்ரிட்ஜின் பின்சுவர் அடியில் அது தெரியும். வெதுவெதுப்பான சோடாத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, பின் தட்டில் வந்து விழுகிறதா என்று பார்த்தார். விழுந்தால் பாதை திறந்திருக்கிறது என்று அர்த்தம். பிறகு ஃப்ரிட்ஜைச் சுவரிலிருந்து முன்னுக்கு நகர்த்திப் பின் தட்டைக் கழுவித் துடைத்தோம். கழற்ற வராத தட்டு என்றால் துணியை வைத்து ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டியதுதான்.

அதற்கப்புறம் காய்ச்சல். வியாழன் மத்தியானத்திலிருந்து இரண்டு ஃப்ரிட்ஜ் கதவும் அகலத் திறந்து, எதிரில் ஃபேன். ஃப்ராஸ்ட் ஃப்ரீக்கு ஃபேனை ஃப்ரீசர் பக்கம் திருப்பி வைத்தோம். பலகையின் காற்றுத் துளைகள் வழியே காயில் வரை காற்றுப் போக வேண்டும். தட்டுகளை வெளி முற்றத்தில் நிழலில் காயவைத்தோம். உச்சி வெயிலில் போட்டால் பிளாஸ்டிக் வளைந்துவிடும். மே மாதமானதால் இது எளிதாக நடந்தது. ஜூலையில் இதே வேலைக்கு இரண்டு நாள் வேண்டும், ஏனென்றால் ஃபேன் அடிப்பதே ஈரக் காற்றை. அப்போது மழை ஓய்ந்து வெளிச்சம் வருகிற மத்தியான நேரத்தில் ஜன்னலைத் திறந்து, பொழுது சாய்ந்ததும் மூடிவிட வேண்டும்.

காய்ந்துவிட்டதா என்று கண்டுபிடிக்க அண்ணாச்சி எனக்கு இரண்டு சோதனைகள் சொல்லித் தந்தார். முதலாவது, வெள்ளை டிஷ்யூ பேப்பர். அதைச் சுருட்டி வடிகால் ஓட்டைக்குள்ளும், கேஸ்கட் மடிப்புக்குள்ளும், தட்டு உட்கார்கிற பள்ளங்களிலும் அழுத்தி எடுக்க வேண்டும். நிறம் மங்கினால் ஈரம் இருக்கிறது. இரண்டாவது, கதவைச் சாத்துவது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு இரண்டு கதவையும் இறுகச் சாத்தி, ஒரு மணிக்குத் திறந்து முதலில் முகர்ந்து பார்க்கச் சொன்னார். சிங்கிள் டோரில் ஒன்றும் இல்லை. டபுள் டோரின் ஃப்ரீசரில் ஈரத் துணியின் வாடை லேசாக வந்தது. கேஸ்கட்டிலும் சுவரிலும் டிஷ்யூ காய்ந்தே வந்தது. ஆகவே பலகைக்குப் பின்னால், காயிலுக்குக் கீழே இருக்கிற வாய்க்காலில் தண்ணீர் தங்கியிருக்க வேண்டும். அண்ணாச்சி திருகாணிகளைக் கழற்றிப் பலகையை முன்னுக்குச் சாய்த்தார். வாய்க்காலின் ஒரு மூலையில் ஒரு தேக்கரண்டி அளவு தண்ணீர் நின்றது. துணியால் ஒற்றியெடுத்து மறுபடி ஃபேனை வைத்தோம். வீட்டில் இருப்பவர்கள் இந்தப் பலகையைக் கழற்றப் போக வேண்டாம். உள்ளே ஹீட்டரும் சென்சார் ஒயரும் மெல்லிய தகடுகளும் இருக்கின்றன. வாடை வந்தால் இன்னொரு நாள் கூடுதலாகக் காயவிட்டால் அந்தத் தண்ணீர் தானாகவே வற்றிவிடும்.

சாயங்காலம் நான்கு மணிக்குத்தான் முட்டுக் கொடுத்தோம். ஃப்ரிட்ஜை நிறுத்தும்போது முன்கால்களைச் சற்று உயர்த்தி வைப்பது வழக்கம், கதவு தானாகச் சாத்திக்கொள்வதற்காக. அதனால் வெறுமனே திறந்து வைத்த கதவு ஒரு அதிர்விலோ காற்றிலோ மூடிக்கொள்ளும். இரண்டு விரற்கடையிலிருந்து மூன்று விரற்கடை அகலமுள்ள மரத்துண்டைத் துணியில் சுற்றி, கைப்பிடிப் பக்கம் நடு உயரத்தில் வைத்தோம். அப்படி வைத்தால் இடைவெளி மேலிருந்து கீழ்வரை நேராகக் கிடைக்கும், கேஸ்கட்டிலும் தழும்பு விழாது. பிறகு பருத்திக் கயிற்றால் கதவையும் உடம்பையும் சுற்றிக் கட்டினோம். கதவு மூடவும் கூடாது, அகலத் திறக்கவும் கூடாது. முன்பு ஃப்ரிட்ஜ்களுக்குக் கொக்கிப் பூட்டு இருந்த காலத்தில், விளையாட்டாக உள்ளே ஏறிய குழந்தைகள் வெளியே வர முடியாமல் இறந்திருக்கிறார்கள். உள்ளிருந்து தள்ளினால் திறக்கும்படி கதவு செய்ய வேண்டும் என்று அமெரிக்கா 1956-இல் சட்டமே போட்டது. இன்று காந்தப் பட்டை வந்துவிட்டாலும், வீட்டைப் பார்த்துக்கொள்ள வருகிறவர்களோடு குழந்தைகளும் வருவார்கள் என்பதால் அண்ணாச்சி கயிறு கட்டாமல் விடுவதில்லை. கடைசியாக இடைவெளியின் மேல் கொசுவலைத் துணியைக் கிளிப் போட்டுப் பொருத்தினோம். மலையடிவார வீட்டில் பல்லிக்கும் கரப்பானுக்கும் இருட்டான இடுக்கு பிடித்த இடம்.

உள்ளே ஒரு கிண்ணத்தில் சிரட்டைக் கரி வைக்கலாமா என்று ஆச்சி கேட்டார். வைக்கலாம், கொஞ்சம் வாடையை இழுக்கும். ஆனால் ஈரத்தை அது காயவைக்காது. செய்தித்தாளைச் சுருட்டி வைக்க அண்ணாச்சி சம்மதிக்கவில்லை. சாரல் மாதத்தில் தாளே ஈரத்தை வாங்கி வைத்துக்கொண்டு பூச்சிகளுக்கு இடம் கொடுக்கும்.

ஃப்ரிட்ஜைச் சாமானோடு ஓடவிட்டுப் போகிறேன் என்பவர்களுக்கு அவர் சொல்வது 2005-இல் நியூ ஆர்லியன்ஸில் நடந்ததை. கத்ரீனா புயலில் மின்சாரம் போய், மக்கள் வாரக்கணக்கில் வீடு திரும்ப முடியாமல் இருந்தபோது, உள்ளே அழுகிய உணவோடு கிடந்த ஃப்ரிட்ஜ்கள் லட்சக்கணக்கில் தெருவுக்கு வந்தன. கழுவிப் பயனில்லாமல் அவை தூக்கியெறியப்பட்டன. அழுகிய நீர் பிளாஸ்டிக் விளிம்பைத் தாண்டி உள்ளே இருக்கும் நுரைக்குள் இறங்கிவிட்டால் எந்தச் சோடாவும் அதை எட்டாது. ஆறு மாதத்தில் ஒரே ஒரு முறை மெயின் டிரிப் ஆனாலும் இங்கே கதி அதுதான்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. வீட்டுக்குள்ளேயே சுவர் ஒழுகினால், ஜன்னல் ஆறு மாதமும் திறக்காமலே கிடந்தால், திறந்த ஃப்ரிட்ஜுக்குள் இருக்கிற காற்று வீட்டுக் காற்றைவிடக் காய்ந்திருக்க வழியில்லை. அப்போது பூசணத்தைத் தடுப்பது கழுவிய சுத்தம் ஒன்றுதான். பிசுக்கில்லாத பிளாஸ்டிக்கில் அதற்கு உண்ண ஒன்றுமில்லை. அதனால்தான் கழுவாமல் காயவைப்பதையும், காயவைக்காமல் முட்டுக் கொடுப்பதையும் அண்ணாச்சி ஒத்துக்கொள்வதில்லை.

திரும்பி வந்ததும் முதலில் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். எலி ஒயரையோ வடிகுழாயையோ கடித்திருந்தால் பிளக்கைச் சொருகக் கூடாது. எல்லாம் சரி என்றால் ஒருமுறை துடைத்து, கதவைச் சாத்தி, காலியாகவே ஒரு இரவு ஓடவிட்டு, மறுநாள் சாமான் வைக்கலாம். கேஸ்கட் ஓரிடத்தில் வளைந்து நின்றால், வெந்நீரில் பிழிந்த துணியை அதன்மேல் வைத்து நீவினால் படியும்.

இந்த வேலைக்கு மூன்று நாள் ஒதுக்க முடியாதவர்கள் என்ன செய்வது என்று நான் கேட்டதற்கு அவர் சொன்ன வழி இது. ஒரே நாள்தான் இருக்கிறது என்றால், காலையிலேயே பிளக்கைப் பிடுங்கிக் காலி செய்து, கேஸ்கட்டையும் கீழ்த்தளத்தையும் மட்டுமாவது கழுவித் துடைத்து, கதவை ஒரு சாண் அகலத்துக்கு முட்டுக் கொடுத்துக் கயிறு கட்டிவிட வேண்டும். பக்கத்து வீட்டாரிடம் சாவியைக் கொடுத்து, இரண்டு நாள் கழித்து வந்து பின் தட்டுத் தண்ணீரைக் கொட்டி உள்ளே ஒருமுறை துடைத்து, கதவு இடைவெளியை மூன்று விரற்கடைக்குக் குறைக்கச் சொல்ல வேண்டும். அதற்கும் ஆள் இல்லாதவர்கள் பயணத்துக்கு முந்தின வாரம் எங்களைப் போன்ற ஒருவரைக் கூப்பிடுவது நல்லது. ஐஸ் உருகவும் ஈரம் காயவும் ஆகிற நேரத்தைக் குறைக்க எங்களிடமும் வழி கிடையாது.